கொக்கி கட்டுவதில் இருந்து கேள்வி தொடங்கட்டும்

கேள்வி: ஆன்லைன்ல ஜாக்கெட் தையல் சொல்லித் தர்றேனுங்க. வாட்ஸ்அப் குழுவுல இப்ப 140 பேர் இருக்காங்க. ஆரம்பத்துல நல்லாப் பேசினாங்க. இப்ப வீடியோ போட்டா ரெண்டு மூணு கும்பிடு வரும், அவ்வளவுதான். "எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க"ன்னேன், நாலு பேர் பேர் போட்டாங்க. "தினமும் தைச்சதை ஒரு போட்டோ போடணும், கட்டாயம்"னேன், 11 பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. யாரையும் வற்புறுத்தாம பேச வைக்கற மாதிரி என்னதான் கேக்கறது?
— பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, கேள்வியை மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். குழுவில் நீங்கள் கடைசியாகப் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்தால், யார் யார் படித்தார்கள், யாருக்கு வந்து சேர்ந்ததோடு சரி என்று இரண்டு பட்டியல் வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் குழுச் செய்தியைப் படித்தாலும் இதில் தெரியும். செய்தி போட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தொண்ணூறு, நூறு பேர் படித்திருந்தால் ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். இருபது முப்பது பேர்தான் படித்திருக்கிறார்கள் என்றால் மற்றவர்கள் குழுவை மியூட்டில் போட்டிருக்கிறார்கள். காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். முதலில் அவற்றை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கேள்வியும் யார் கண்ணிலும் படாது. கையோடு குழு அமைப்புகளையும் திறந்து, 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று எப்போதோ மாற்றி வைத்தது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு நேரத்துக்கு அப்படி மாற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு.

எத்தனை பேர் பேசினால் போதும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தை மக்கள் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2006-இல் ஒரு கணக்கு எழுதினார். இணையக் கூட்டங்களில் நூறு பேர் இருந்தால் ஏறத்தாழ 90 பேர் படிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார் என்றார். பெரிய பொதுத் தளங்களை வைத்துச் சொன்ன தோராயம் அது. ஒரே வேலையைக் கற்கும் குழுவில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். ஆனாலும் உங்கள் 140 பேரில் பதினைந்து இருபது பேர் பேசினாலே அது கலகலப்பான குழுதான். மற்றவர்கள் வீடியோவைப் பார்த்து வீட்டில் தைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய், அங்கே தையற்கடைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று கவனித்தார். சேர்ந்ததும் அவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. தைத்து முடித்த உடுப்புக்குப் பித்தான் வைப்பது, ஓரத்தை மடித்துக் கையால் தைப்பது, இதுதான் முதல் வேலை. அடுத்து மெஷினில் தைப்பது. துணி வெட்டுவது கடைசியில். காரணம் எளிது. பித்தான் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி வைக்கலாம், வெட்டு தப்பினால் துணியே போச்சு. நம் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் முதல் நாளே பவர் டேபிளில் உட்கார வைப்பதில்லையே, கைமடியாகச் சேர்ந்துதானே டெய்லர் ஆகிறார்கள்.

நீங்கள் கேட்ட இரண்டுமே கத்தரிக்கோல் வேலை. தைத்ததைப் போட்டோ எடுத்துப் போடு என்றால், சுருங்கின பைப்பிங்கையும் இழுத்துக்கொண்டு நிற்கும் கைக்குழியையும் 140 பேர் பார்ப்பார்கள். அறிமுகம் சுலபம் என்று தோன்றும், ஆனால் அதுவும் இதே கதைதான். என்ன சொல்வது? படிப்பா, ஊரா, வீட்டுக்காரர் வேலையா? வாட்ஸ்அப் குழுவில் எழுதினவுடன் பேரோடு எண்ணும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பல வீடுகளில் அந்தப் போனை மகனும் எடுப்பான், மாமியாரும் எடுப்பார். அதனால், தப்பானாலும் எதுவும் கெட்டுப்போகாத, கொக்கி கட்டுகிற அளவுக்குச் சின்னதான வேலையைக் கேள்வியில் கொடுங்கள். உதாரணமாக இதை அப்படியே அனுப்பலாம்:

"தைக்கறப்ப நூல் அறுந்துட்டே இருந்தா மொதல்ல எதைப் பாப்பீங்க? ஊசியா, பாபினா, டென்ஷன் திருகா? நான் மேல் நூலை முழுசா எடுத்துட்டு மறுபடி கோத்துப் பாப்பேனுங்க. ஒரு வார்த்தை போதும். படிச்சுட்டுப் போனாலும் சரிங்க."

மெஷினைத் தொட்ட எல்லோருக்கும் நடந்த விஷயம் இது. எந்தப் பதிலும் தப்பில்லை. எவ்வளவு எழுத வேண்டும் என்ற குழப்பத்தை 'ஒரு வார்த்தை' தீர்த்துவிடுகிறது. நீங்களே முதலில் சொல்லிவிட்டதால் சபையில் முதல் ஆளாகப் பேசும் கூச்சம் யாருக்கும் இல்லை. கடைசி வரியை மட்டும் மனதார எழுதுங்கள். "படிச்சுட்டுப் போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு மறுநாள் "ஏன் யாருமே பதில் போடல?" என்று கேட்டால், அடுத்த முறை அந்த வரியை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பெயர் குறிப்பிட்டு டேக் செய்வதும் இதே போலத்தான். பெயர் வந்தவர் வேறு வழியில்லாமல் ஒரு முறை பதில் போடுவார், அதற்குப் பிறகு ஒதுங்கிவிடுவார்.

இதற்கு நேர்மாறான கேள்வி ஒன்றைப் பாருங்கள். வெட்டின இரண்டு கையின் படத்தைப் போட்டு "இதுல எது முன்பக்கம்?" என்று கேட்பது. சுவையான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் முன்பக்க வளைவுதான் கூடுதலாகக் குழிந்திருக்கும் என்று தெரிந்த நாலு பேர் உடனே சொல்லிவிடுவார்கள், அதோடு பேச்சு முடிந்தது. தெரியாதவர்கள் இன்னும் அமைதியாவார்கள். இது பரீட்சைக் கேள்வி, வகுப்பில் கேட்க வேண்டியது. "ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கூலி வாங்கறீங்க?" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில் தைப்பவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள், கூலியை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: "அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு 'இதே மாதிரிதான், ஆனா...'ம்பாங்களே, அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் நீங்க அதிகமாக் கேட்டது என்ன? இன்னும் வெளி ஆளுக்குத் தைக்கலைன்னா, நீங்க டெய்லர்கிட்டச் சொன்னதைச் சொல்லுங்க." கை கொஞ்சம் இறக்கமாக, கழுத்து ஒரு விரல் ஏற்றி, ஓரத்தில் பிரிக்கத் துணி விட்டு என்று வந்துகொண்டே இருக்கும். கடை வைத்திருப்பவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இப்படி அமைவது அபூர்வம். போட்டோ வேண்டுமென்றால் தைத்ததைக் கேட்காதீர்கள். கொக்கியும் நூல்கண்டும் போட்டு வைக்கிற டப்பாவைக் கேளுங்கள், உங்கள் டப்பாவின் படத்தை முதலில் போட்டுவிட்டு. டப்பாவை யாரும் குறை சொல்வதில்லை.

பதில் வந்த பிறகு நீங்கள் செய்வதில்தான் குழு எழுவதும் படுப்பதும் இருக்கிறது. வியாழக்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு நூல் கேள்வியைப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஷிப்டு போனவர்களும் வீடு திரும்பும் நேரம். ஒருவர் "ஊசி" என்று போடுகிறார். "சூப்பர்" என்று முடித்துவிடாதீர்கள், அது மார்க் போடுவது மாதிரி. அவரிடம் மட்டும் இன்னொரு சின்னக் கேள்வி போடுங்கள்: "ஊசியை எப்ப மாத்துவீங்க அக்கா?" அவர் "ஒடஞ்சாத்தான்" என்கிறார். உடனே திருத்தத் தோன்றும். அங்கேதான் பொறுக்க வேண்டும். பதில் சொன்னவருக்கு என்ன நடக்கிறது என்று நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நிறையப் பேர் அப்படித்தானுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, வந்த பதில்களை எடுத்துச் சேர்த்து ஒரு குட்டிப் பாடம் போடுங்கள்: முனை மழுங்கின ஊசி உடையாமலே தையலை விட்டுவிட்டுப் போகும், நூலையும் அறுக்கும். காட்டன் ஜாக்கெட்டுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11. "ஊசி, பாபின், கோக்கறது, மூணுமே நீங்க சொன்னதுதான்" என்று தொடங்குங்கள். தான் சொன்ன ஒரு வார்த்தை பாடமானதைப் பார்ப்பவர் அடுத்த வாரம் இரண்டு வார்த்தை எழுதுவார். வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வேறு எதையும் போடாதீர்கள், கேள்வி மேலே போய் மறைந்துவிடும். வாரம் ஒரு கேள்வி போதும்.

முதல் இரண்டு வாரம், நன்றாகப் பழகின இரண்டு பேரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: "நாளைக்கு இதைக் கேக்கப் போறேன், உங்களுக்குத் தோணுனதைப் போடுங்க." என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒப்பிக்கும் பதில் தனியாகத் தெரிந்துவிடும்.

தனிச் செய்தியில்தான் உங்களுக்குப் பதில் அதிகம் வரும் என்று எதிர்பாருங்கள். "மேடம், குழுவுல போடக் கூச்சமா இருக்கு" என்று தொடங்கும். அதைக் குழுவுக்குத் தள்ளாதீர்கள். "பேர் போடாம நான் போடட்டுங்களா?" என்று கேட்டு, சரி என்றால் "ஒரு அக்கா சொன்னாங்க" என்று போடுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு வாக்கெடுப்பு வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் யார் எதைத் தொட்டார்கள் என்று எல்லோரும் திறந்து பார்க்கலாம், அதனால் டப்பா, ஊசி போன்ற விஷயங்களுக்கு மட்டும் வையுங்கள். "எந்தப் பாடம் புரியலை?" என்பதற்கு வேண்டாம். பெயர் தெரியாத வாக்கெடுப்பு வேண்டுமென்றால் டெலிகிராமில் அந்த வசதி உண்டு.

கேள்வி சரியாக விழவில்லை என்பதைப் பதில்களே காட்டிக்கொடுக்கும். எல்லோரும் "சரிங்க மேடம்" என்றால் கேள்வி உத்தரவு போலக் காதில் விழுந்திருக்கிறது. முதல் ஆள் சொன்னதையே பின்னால் வருபவர்கள் திருப்பிச் சொன்னால், சரியான விடை ஒன்று இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த கேள்வியை இன்னும் சின்னதாக்குங்கள். பதில்களின் எண்ணிக்கையை எண்ண வேண்டாம், அந்த மாதம் முதன்முறையாகப் பேசினவர் யார் என்று மட்டும் குறித்துவையுங்கள். மாதம் இரண்டு மூன்று புதுக் குரல் வந்தால் நன்றாகப் போகிறது.

தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் முகூர்த்த நெருக்கடியிலும் கேள்வியை நிறுத்திவிடுங்கள். அப்போது குழு மௌனமாக இருப்பது உங்கள் மாணவிகளுக்கு ஆர்டர் வந்திருப்பதால். இரண்டு மாதம் இப்படிக் கேட்டும், படித்தவர் பட்டியல் நீளமாக இருந்து புதுக் குரல் ஒன்றுகூட வரவில்லை என்றால், பெரிய குழுவைப் பாடம் போடும் இடமாகவே விட்டுவிடுங்கள். பேச விருப்பமுள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் தாங்களாக வந்து சேர ஒரு லிங்க் போட்டு, தனியாகச் சின்னக் குழு ஒன்று தொடங்குங்கள்.