தாமதத்துக்கு நாள்கணக்கில் பிடித்தம்: ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் போய்விடுமா?

கேள்வி: நான் சிறிய அளவில் கட்டட ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவன். 48 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 15,000 ரூபாய், “இது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட இழப்பீடு, தண்டம் அல்ல” என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. 64 நாள் தாமதமாயிற்று. இதில் உரிமையாளர் தவணை தராமல் 20 நாளும், குளியலறைகளை மாற்றி அமைக்கச் சொன்னதால் 14 நாளும் போயின. சாவியை வாங்கிக் குடிவந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. இப்போது கடைசிப் பில்லில் 9.6 லட்சத்தைப் பிடித்துவிட்டார். இது தண்டத்தொகை, எனவே செல்லாது என்று வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் “இது தண்டம், எனவே செல்லாது” என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். அது இங்கிலாந்துச் சட்டத்தின் வழி. அங்கே 1915-ஆம் ஆண்டின் டன்லப் வழக்கிலிருந்து, தொகை இழப்பை நேர்மையாக மதிப்பிட்டு எழுதியதா, மிரட்டுவதற்காக எழுதியதா என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் வகை என்றால் முழுத் தொகையும் கிடைக்கும். இரண்டாவது என்றால் அந்த நிபந்தனையே நிற்காது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தச் சோதனையைத் தளர்த்தியது என்றாலும், பிரிவினை இன்னும் இருக்கிறது.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு என்ன பெயர் வைத்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே “தண்டம் அல்ல” என்று எழுதியிருப்பதால் உரிமையாளருக்கு 9.6 லட்சமும் உறுதியாகிவிடாது. தண்டம் என்று நீங்கள் நிரூபித்தாலும் உங்கள் பொறுப்பு பூஜ்யமாகிவிடாது. அவருக்கு உண்மையில் என்ன இழப்பு, அதில் எவ்வளவு உங்களால் வந்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

“இழப்பு நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும்” என்று பிரிவு 74-இல் ஒரு தொடர் வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் நீட்டுவார். இழப்பே இல்லாதவருக்கும் பணம் என்று அதற்குப் பொருள் அல்ல. 2015-இல் டெல்லி மேம்பாட்டு ஆணையத்துக்கு எதிராகக் கைலாஷ்நாத் நிறுவனம் தொடுத்த வழக்கைப் பாருங்கள். நிலத்தை ஏலம் எடுத்தவரின் 78 லட்ச ரூபாய் முன்பணத்தை ஆணையம் பறிமுதல் செய்தது. பிறகு அதே நிலத்தைப் பல மடங்கு விலைக்கு விற்றது. இழப்பு எங்கே என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தர வைத்தது. இழப்பைக் கணக்கிட முடிகிற இடத்தில் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும். கணக்கிடுவது மிகக் கடினம் அல்லது இயலாது என்ற நிலையில்தான் நேர்மையாக முன்மதிப்பிட்ட தொகையை நீதிமன்றம் அப்படியே ஏற்கும்.

மாநாட்டுக்கு ஒலி, ஒளி அமைப்பவர் நான்கு மணி நேரம் தாமதமாக வருகிறார் என்றால், கலைந்து போன கூட்டத்துக்கும் கெட்ட பெயருக்கும் யாராலும் பில் போட முடியாது. நிகழ்ச்சி ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனை வலுவாக நிற்பது அதனால்தான். தாமதமாக முடிந்த ஒரு வீட்டின் கதை அப்படி அல்ல. அங்கே இழப்பைக் கணக்கிட முடியும்.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் 34 நாளும் உரிமையாளரால் வந்தவை என்று நிறுவினால் மீதி 30 நாள்தான் உங்களுடையது. ஒப்பந்த விகிதத்தில் அது 4.5 லட்சம். ஒரு பேச்சுக்கு, அந்த மாதம் அவர் 22,000 ரூபாய் வாடகை கொடுத்தார், மேற்பார்வைப் பொறியாளருக்குக் கூடுதலாக 18,000 கொடுத்தார் என்று வைப்போம். மொத்தம் 40,000. வீட்டுக்கடன் வட்டியையும் அவர் சேர்க்கப் பார்ப்பார். வீடு கெடுவில் முடிந்திருந்தாலும் அந்த வட்டியைக் கட்டித்தான் இருப்பார். குடியிருக்க முடியாமல் போனதற்கு வாடகையைக் கேட்டுவிட்டு வட்டியையும் கேட்பது, ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணுவது. 40,000-க்கும் 4.5 லட்சத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான், எழுதிய தொகை நியாயமற்றது என்பதற்கு உங்கள் கையில் உள்ள சிறந்த சான்று. நாள்கணக்குப் பிடித்தம் மொத்தத்தில் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம் வரம்பு ஏதும் வைக்கவில்லை என்றால், அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இந்தச் சான்றைத் தேடிக் கொண்டுவரும் வேலை உங்களுடையது என்று எண்ணியே தயாராகுங்கள். 2003-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கும் சா பைப்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், தொகை நியாயமற்றது என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குழாய்களைத் தாமதமாகக் கொடுத்த நிறுவனம் அதில் தோற்றது.

அந்த 34 நாள் விஷயத்தில் கவனமாக இருங்கள். தவணை 20 நாள் தள்ளிப்போனது என்பதனால் மட்டும் வேலை 20 நாள் நின்றது என்று ஆகாது. அந்த நாட்களில் நீங்கள் பூச்சு வேலையை ஓட்டியிருந்தால், எதிர்த்தரப்பு உங்கள் கூலிப் பதிவேட்டையே எடுத்துக் காட்டும். தவணை கேட்டு அனுப்பிய செய்தி, ஆட்கள் வராத நாட்கள், குளியலறை மாற்றத்தால் பின்னால் காத்துக் கிடந்த டைல்ஸ் வேலை என்று ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தைக் கோத்துக் காட்டுங்கள். இரண்டு தடைகளும் ஒரே நாட்களில் வந்திருந்தால் ஒரு முறைதான் எண்ணலாம். ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், உரிமையாளரே பழைய கெடுவைக் குலைத்துவிட்டார், எனவே நாள்கணக்குப் பிடித்தமே நிற்காது என்று வாதிடவும் இடமுண்டு.

சாவி வாங்கியபோது அவர் வாய் திறக்காதது உங்களுக்கு முக்கியமான விஷயம். காலக்கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக இருந்து, கெடு தாண்டிய வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கேட்கும் எண்ணத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55. ஓ.என்.ஜி.சி. அதைத்தான் செய்தது. கால நீட்டிப்புக் கொடுத்த கடிதத்திலேயே இழப்பீடு பிடிக்கப்படும் என்று எழுதிவிட்டது. உங்கள் உரிமையாளர் அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் இது வலுவான வாதம். ஆனால் இதை மட்டுமே நம்பி வழக்கில் இறங்காதீர்கள். கெடு தாண்டிய நாட்களில் அவர் அனுப்பிய ஏதாவது ஒரு குறுஞ்செய்தி அறிவிப்பாகக் கருதப்படலாம். உங்கள் கைப்பேசியை இன்றே முழுமையாகப் பார்த்துவிடுங்கள்.

பிடித்தத்தைப் பொறுத்தவரை, பில்லில் பிடித்துவைக்கும் உரிமையை ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அவர் பிடித்துவைத்ததே தவறு என்று சொல்வது கடினம். ஆனாலும் பிடித்துவைத்ததால் அந்தப் பணம் அவருடையதாகிவிடாது. முதலில் விரைவுத் தபாலில், பதிவு வசதியுடன் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் 34 நாளின் விவரத்தை இணையுங்கள். மீதி நாட்களுக்கு அவருடைய உண்மையான இழப்பை ஆவணத்துடன் காட்டச் சொல்லுங்கள். வாடகை ரசீதையும் வங்கிக் கணக்கையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பதிலே பிறகு உங்களுக்கு உதவும். நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி நீங்களே சொல்வதும் நல்லது. எதையுமே தர மறுப்பவர் அல்ல நீங்கள் என்பது அதில் பதிவாகும். ஆனால் அந்தத் தொகையை, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் சமரசத்துக்காகச் சொல்வதாகத் தெளிவாக எழுதுங்கள்.

அதற்கும் அவர் அசையாவிட்டால், ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்தால் அதற்கும், இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். பில் தொகையை வட்டியுடன் கேளுங்கள். இதற்கான காலவரம்பு மூன்று ஆண்டுகள். சமரசப் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது என்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது.