கூட்டக் குறிப்பு அனுப்பியும் கேள்வி நிற்கவில்லையா?

"கூட்டம் முடிந்ததும் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு அனுப்புகிறேன். ஆனாலும் மறுநாளே 'கடைசியில் என்ன முடிவாச்சு?' என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?"

முடிவுகளை மின்னஞ்சலின் முதல் வரிகளுக்குக் கொண்டுவாருங்கள். யார் என்ன பேசினார்கள் என்பது கீழே போகட்டும், அல்லது வேண்டவே வேண்டாம்.

உங்கள் வாக்கியங்கள் "விலைப்புள்ளி விரைவில் பெறப்படும்" என்ற பாணியில் இருக்கும் என்று நினைக்கிறேன். பெறப்போவது யார், எந்த நாள் என்று அதில் இல்லை. இப்படி மாற்றுங்கள்:

முடிவு: பழைய பிரிண்டரைப் பழுதுபார்க்காமல் புதிது வாங்குகிறோம்.
வேலை: மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி எல்லாருக்கும் அனுப்புவது.
பொறுப்பு: ஒரே ஒருவரின் பெயர்.
கெடு: 12ஆம் தேதி வியாழன், மாலை 4 மணி.

பொறுப்பில் "நிர்வாகப் பிரிவு" என்றோ இரண்டு பெயர்களோ போடாதீர்கள். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிடுவார்கள். உதவிக்கு இன்னொருவர் இருந்தால் வேலை வரியிலேயே சொல்லிவிடலாம்.

அனுப்பும் முன், கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் காட்டி, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள். அப்புறம் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். "திருத்தம் இருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்" என்ற வரியும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: கூட்டத்தில் இழுபறியாக நின்றதை முடிவு என்று எழுதிவிடாதீர்கள். அதை "முடிவாகவில்லை" என்று தனியாகப் போட்டு, அடுத்து எப்போது பேசுவோம் என்பதையும் சேருங்கள். கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலை விழுந்திருந்தால், பெயரைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.