ஏழு நாள் இலவசம், எட்டாம் நாள் 4,999 ரூபாய்: ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தலாமா?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு படிப்பு ஆப்பில் 7 நாள் இலவசம், பிறகு வருடத்துக்கு 4,999 ரூபாய் என்கிறார்கள். ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்’ என்று போனில் தமிழிலேயே சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய ஆங்கில நிபந்தனைகளை அப்படியே ஒட்டியிருக்கிறேன். ஏற்கலாமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: இப்போதிருக்கும் வடிவில் ஏற்காதீர்கள். நீங்கள் ஒட்டியிருப்பதில் மூன்று பிரிவுகளைப் பார்த்தாலே காரணம் புரியும்.

முதலில் 9ஆம் பிரிவு. இலவசக் காலம் முடிய 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாக வேண்டும் என்கிறது. திங்கள் காலை 10 மணிக்குத் தொடங்கினால் சனி காலை 10 மணிதான் கெடு. ஆக, உங்களுக்குக் கிடைப்பது ஐந்தே நாள். அடுத்த ஆண்டுச் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும், அதுவும் ‘அப்போது நடப்பிலுள்ள விலையில்’. 4,999 என்பது முதல் ஆண்டுக்கு மட்டுமே உறுதி. புதுப்பிக்க வேண்டாம் என்றால் 30 நாள் முன்னதாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போது உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைப் பார்த்து விழித்துக்கொள்ளும்போது நிறுவனத்தின் 30 நாள் கெடு கடந்து போயிருக்கும். 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கப்படுவதும் இல்லை. அதனால் யுபிஐ ஆட்டோபே அனுமதித் திரையில் பின் எண்ணைப் போடும் முன் தொகையைப் படியுங்கள். 4,999 ரூபாய்த் திட்டத்துக்கு ‘Up to ₹15,000’ என்று இருந்தால், விலையை ஏற்றினாலும் உங்களைக் கேட்காமலே பிடிக்க இடம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். பக்கத்தில் ‘As presented’ என்றிருந்தால், வருடத்துக்கு ஒருமுறைதான் என்ற கட்டுப்பாடும் கிடையாது.

அடுத்தது 6ஆம் பிரிவு. மகளின் பெயர், வகுப்பு, போன் எண் ஆகியவற்றை ‘affiliates’, ‘marketing partners’ ஆகியோருடன் பகிரலாம் என்கிறது. யார் அவர்கள் என்ற பட்டியல் இல்லை. ‘தொல்லை வேண்டாம்’ என்று டிஎன்டியில் பதிவு செய்திருந்தாலும் அழைக்கலாம் என்று ஒரு வரி நடுவில் நுழைக்கப்பட்டிருக்கிறது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி, கல்விக் கடன் என்று நாள் முழுதும் வரும் அழைப்புகளுக்கு இப்படிப்பட்ட வரிகள்தான் வாசல். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவரின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவதையே அந்த ஒப்புதலாகக் காட்ட 6ஆம் பிரிவு முயல்கிறது.

மூன்றாவது, ‘Entire Agreement’ என்ற தலைப்பிலுள்ள 17ஆம் பிரிவு. எழுத்தில் இருப்பது மட்டுமே ஒப்பந்தம், வாய்ப்பேச்சு செல்லாது என்பது அதன் சாரம். போனில் தமிழில் தந்த வாக்குறுதியை இந்த ஒரு வரியைக் காட்டியே மறுப்பார்கள். அதே நபரிடம், ‘எப்போது ரத்து செய்தாலும் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பும் என்று மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இந்த ஆப் கட்டாயம் வேண்டும் என்றால், ஆட்டோபே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்டும் வழி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதையே எடுங்கள். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குத் தொடர்பு எண்கள், இருப்பிடம் இரண்டின் அனுமதியையும் மூடிவையுங்கள். பாடம் பார்க்க இவை தேவையில்லை.

ஒருவேளை ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தால், ஆப்பை நீக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இதில்தான். ஆப் போனாலும் சந்தா போகாது. முதலில் நிபந்தனையில் உள்ள முகவரிக்கு ரத்து மின்னஞ்சல் அனுப்பி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு உங்கள் யுபிஐ ஆப்பில் ‘Autopay’ அல்லது ‘Mandates’ பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் அங்கே ‘Payments & subscriptions’ பகுதியில் ரத்து செய்ய வேண்டும். அனுமதியை மட்டும் ரத்து செய்தால் பணம் போவது நிற்கும். ஆனால் ஒப்பந்தம் நீடிக்கிறது, பாக்கி கட்டுங்கள் என்று நிறுவனம் கேட்கலாம். அதனால்தான் மின்னஞ்சல் முதலில்.

வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில்தான் என்று 19ஆம் பிரிவு சொல்வதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறுத்த முடியாதபடி சந்தாவைச் சிக்கலாக்குவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்று தடை செய்திருக்கின்றன. புகாரில் அதையும் குறிப்பிட்டு, 9ஆம் பிரிவின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள்.