டெலிவரி செயலியின் விளம்பரத் திட்டத்தை மட்டும் நிறுத்தக் கடிதம்

கேள்வி: தருமபுரியில் சிறிய ஓட்டல் வைத்திருக்கிறேன். உணவு டெலிவரி செயலியில் பணம் கட்டி எடுத்த விளம்பரத் திட்டத்தை நிறுத்த வேண்டும். கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: நானும் தருமபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் ஓட்டல் நடத்துகிறேன். இப்படி ஒரு திட்டத்தை எடுத்து, பிறகு கடிதம் எழுதி நிறுத்தியிருக்கிறேன். கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே, நீங்கள் நிறுத்துவது விளம்பரத்தை மட்டுமே, செயலியில் உங்கள் கடை தொடர்ந்து இருக்கும் என்று எழுதிவிடுங்கள். "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று பொதுவாக எழுதினால், கடையையே செயலியிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் புரிந்துகொள்ள இடமுண்டு.

எழுதுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். நான் வாரத்துக்கு 2,000 ரூபாய் விளம்பரத்துக்கு ஒதுக்கியிருந்தேன். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து, வாரப் பட்டுவாடாவிலிருந்து 2,360 ரூபாய் பிடிக்கப்பட்டது. நம்மைப் போல 5 விழுக்காடு ஜிஎஸ்டியில் இருக்கும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால், அந்த 360 ரூபாயும் நம் கைச்செலவுதான். விளம்பரத்தால் வந்தவை என்று செயலி காட்டியது 20 ஆர்டர்கள். அப்படியானால் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 118 ரூபாய். எங்கள் சராசரி பில் 220 ரூபாய். அதில் கமிஷன், கமிஷன் மீதான வரி, சரக்கு, பார்சல் டப்பா எல்லாம் போக நிற்பது ஏறக்குறைய 60 ரூபாய்தான்.

அந்த 20 ஆர்டர்களிலும் எங்கள் கடைப் பெயரைத் தட்டச்சு செய்து தேடி வந்த பழைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தேடலில் மேலே நின்ற விளம்பரத்தை அவர்கள் தொட்டதால், அது விளம்பர ஆர்டராகக் கணக்கில் ஏறியது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விளம்பரத்துக்கு முந்தைய வாரங்களின் மொத்த ஆர்டர்களை விளம்பர வாரங்களின் மொத்தத்தோடு ஒப்பிடுவதுதான். எங்கள் கடையில் மொத்தம் ஏறக்குறைய அதே அளவில்தான் நின்றது. பெங்களூரில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு நடுவே மேலே தெரிவதற்கு மதிப்பு இருக்கலாம். நம் ஊரில் இரவு எட்டு மணிக்குச் செயலியைத் திறப்பவர் விரலால் சில முறை தள்ளினாலே எல்லாக் கடைகளையும் பார்த்துவிடுகிறார். அவருக்கு நம்மை முன்னால் காட்ட வாரா வாரம் பணம் கொடுப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

நான் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: கட்டண விளம்பரத் திட்டத்தை நிறுத்துதல் – உணவக எண், விளம்பர எண்.

மேற்கண்ட எண்ணில் நடைபெற்று வரும் விளம்பரத் திட்டத்தை வரும் ஞாயிறு இரவுடன் நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் உணவகம் தங்கள் செயலியில் வழக்கம்போல் தொடரும். மேற்படி தேதிக்குப் பின் இத்திட்டத்தைத் தானாகப் புதுப்பிக்கவோ, விளம்பரத்தின் பெயரில் தொகை பிடிக்கவோ எங்கள் ஒப்புதல் இல்லை. அத்தேதி வரையிலான விளம்பரச் செலவின் இறுதிக் கணக்கையும் வரி விலைப்பட்டியலையும் அனுப்பி, பயன்படுத்தாத முன்பணம் இருப்பின் அடுத்த பட்டுவாடாவில் சேர்த்து, நிறுத்தியதை எழுத்து மூலம் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

காரணத்தை விரித்து எழுதாதீர்கள். எழுதினால் பதிலாக இன்னொரு சலுகைத் திட்டம்தான் வரும், நிறுத்துவது தள்ளிப்போகும். திட்டத்தின் விதிகளில் முன்னறிவிப்புக் காலம் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப நிறுத்தும் தேதியைக் குறிப்பிடுங்கள். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். நம் பகுதிக்குப் பொறுப்பான மேலாளர் "நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்று போனில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும், இடமாற்றலாகிப் போன பிறகு அந்தப் பேச்சுக்கு எந்தச் சான்றும் இராது.

அனுப்பிய கையோடு செயலியிலும் விளம்பரத்தை நிறுத்தி, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த பட்டுவாடாவிலும் விளம்பரத் தொகை பிடித்திருந்தால் உடனே கோபப்பட வேண்டாம். பட்டுவாடா முந்தைய வாரத்துக்கு உரியது என்பதால், அது நிறுத்துவதற்கு முந்தைய கிளிக்குகளின் செலவாக இருக்கலாம். அதற்கடுத்த வாரமும் பிடித்தால் கடிதத்தையும் படத்தையும் இணைத்துத் தொகையைத் திரும்பக் கேளுங்கள்.

இன்னொன்று, தள்ளுபடிச் சலுகை விளம்பரத்தில் சேராது. "100 ரூபாய் வரை தள்ளுபடி" போன்றவற்றில் உங்கள் பங்கு தனியாகப் பிடிக்கப்படும். விளம்பரம் நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்த விரும்பினால், அதன் பெயரைக் குறிப்பிட்டுக் கடிதத்தில் தனி வாக்கியமாக எழுதுங்கள்.