பார்டரும் நிச்சும் உள்ள பாத்ரூம் சுவருக்கு டைல் கணக்கு

கேள்வி: பாத்ரூம் சுவருக்குக் கூரை வரை டைல் போடப் போகிறோம். இடையில் ஒரு பார்டர், ஷவர் பக்கம் சோப்பு, ஷாம்பு வைக்கச் சுவரில் குடைந்த ஒரு நிச். பரப்பளவு எடுத்து 10% சேதாரம் சேர்த்து வாங்கினால் போதுமா?

பதில்: பெரும்பாலும் பத்தாது. வரிசை வரிசையாக எண்ணிப் பாருங்கள்.

அறை 2400 × 1500 மி.மீ, உயரம் 2700 என்று வைத்துக்கொள்வோம். 600 × 300 டைல் படுக்கைவாட்டில், 2 மி.மீ ஸ்பேசர், 75 மி.மீ பார்டர். சின்னச் சுவரின் நடுவில் 750 × 2100 கதவு. பார்டரையும் கதவையும் கழித்தால் பரப்பளவுப்படி 105 டைல் வரும். 10% சேர்த்தால் 116.

இப்போது வரிசைக் கணக்கு. பெரிய சுவருக்கு 4, சின்னச் சுவருக்கு இரண்டரை என ஒரு வரிசைக்கு 13 டைல். எட்டு முழு வரிசையும் பார்டரும் போக, கூரைக்கடியில் சுமார் 205 மி.மீ மிஞ்சும். அதற்கும் முழு டைலைத்தான் வெட்டியாக வேண்டும். ஆக 9 வரிசை, 117 டைல். பார்டர் இல்லாவிட்டாலும் இதே 9 வரிசைதான். அது ஒரு டைலைக்கூட மிச்சப்படுத்தாது. கதவும் அதிகம் மிச்சப்படுத்தாது. இருபுறமும் 375 மி.மீ துண்டு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டைல் போய்விடும். வரிசைக்கு அரை டைல்தான் மிச்சம், ஆறு வரிசைக்கு மூன்று. மீதி 114. உடைசலுக்கு 6, பிற்காலப் பழுதுக்கு 5 சேர்த்து 125 வாங்குங்கள். எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும், பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது.

நிச்சை ஒரு முழு டைல் இடத்தில் வையுங்கள். நான்காவது வரிசையில் வைத்து, அதன் தலைக்கு மேலே பார்டரை ஓட்டினால் பார்டர் எங்கும் அறுபடாது. முன்பக்கம் மிச்சமாகும் டைல் நிச்சின் பின்சுவருக்குப் போகும். பக்கங்களுக்குப் புது டைல் வேண்டாம்: மேல் வரிசையில் வெட்டி மிஞ்சும் 93 மி.மீ பட்டைகளே போதும். அதனால் ஆழத்தை 90-க்குள் நிறுத்துங்கள். பட்டையின் கம்பெனி ஓரம் வெளியே தெரியட்டும், வெட்டிய ஓரம் உள்ளே போகட்டும்.

பலரும் தவறுவது குழியின் அளவில்தான். டைலும் பசையும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 13 மி.மீ எடுக்கும். ஒட்டியபின் 600 × 300 வேண்டுமென்றால் குழி 626 × 326 இருக்க வேண்டும். 600-க்கே உடைத்துவிட்டால் திறப்பு 574 ஆகச் சுருங்கி, சுற்றியுள்ள இணைப்புக் கோடுகளோடு சேராது. அரைச்செங்கல் சுவரில் இந்த ஆழத்துக்கு உடைக்கவே கூடாது. வாட்டர்ப்ரூஃப் பூச்சைக் குழிக்குள்ளும் கொண்டுபோய் மூலைகளில் வலைத் துணி வையுங்கள். அடித்தட்டு வெளிப்பக்கம் 2, 3 மி.மீ சரியட்டும், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் தேங்கி முதலில் கறுப்பது அங்கே இணைப்புகளை நிரப்பிய க்ரவுட்தான்.