குழி விழுந்த கேக் படத்துக்கு என்ன பதில் அனுப்புவது?

கேள்வி: என் தோழி முதல் தடவையாக வெனிலா கேக் செய்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. படத்தை அனுப்பி, "இனிமே ஓவன் பக்கமே போக மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். வீடியோவில் 8 அங்குல டின்னாம், இவளிடம் இருந்தது 6 அங்குலம். 180 டிகிரியில் 35 நிமிடம் வைத்தாளாம். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும், மறுபடி செய்யவும் வைக்க வேண்டும். என்ன எழுதலாம்?

பதில்: உடனே இதை அனுப்புங்கள். "கேக் உட்கார்ந்துடுச்சு, சரி, அது களைச்சுப் போச்சு. நீ ஏன்டி உட்கார்ற? எழுந்திரு, அதை நடுவுல ரெண்டா வெட்டி உள்ளே எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ அனுப்பு."

இதற்கு மேல் இப்போது ஒரு வரியும் வேண்டாம். கேலி கேக்கின் மேல் போய்விடுகிறது, அவள் கைப்பக்குவத்தின் மேல் விழவில்லை. அதோடு அவள் கையில் ஒரு சின்ன வேலையையும் கொடுத்துவிடுகிறீர்கள். கத்தியை எடுத்து வெட்டப் போகிறவள், குப்பைத் தொட்டியில் கவிழ்க்கப் போனதை மறந்துவிடுவாள். அந்த வெட்டிய படம் உங்களுக்கு நிஜமாகவே தேவை. மேலிருந்து எடுத்த படத்தில் குழி மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

"பரவாயில்லை, அடுத்த தடவை நல்லா வரும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் நல்லா வரும்? அதே டின், அதே அளவு மாவு, அதே 35 நிமிடம் என்றால் அடுத்த தடவையும் இதே குழிதான் விழும், அது அவளுக்கும் தெரியும். தோற்றுப்போனவருக்கு ஆறுதல் தருவது காரணம்தான். அது தெரிந்த நிமிடமே "எனக்குச் சமையல் வராது" என்பது "டின் சின்னதாப் போச்சு" என்று மாறிவிடும். இணையத்தில் சுற்றுகிற எரிந்த கேக் கேலிப் படங்களை அனுப்புவதும் வேண்டாம். அவள் தன் கேக்கைக் காட்டினாள், நீங்கள் யாரோ ஒருவருடைய கேக்கைக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அவள் உங்களுக்கு மட்டும் அனுப்பிய படத்தை நண்பர்கள் குழுவில் போட்டுவிடவும் கூடாது, எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும்.

சரி, வெட்டிய படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு நேர் கீழே பாருங்கள். ஓரத்தில் கேக் சின்னச் சின்னத் துளைகளோடு உலர்ந்து, இளமஞ்சளாக இருக்கும். நடுவுக்கு வர வர துளைகள் மறைந்து, ஈரமாக, கொஞ்சம் கருமையாக, பசை மாதிரி மினுமினுப்போடு ஒரு பட்டை தெரியும். கத்தியிலும் அது ஒட்டியிருக்கும். இப்படி இருந்தால் நடு வேகவில்லை. ஓவனில் இருக்கும்போது சூட்டில் காற்றுக் குமிழிகள் விரிந்து கேக்கைத் தூக்கி நிறுத்துகின்றன. முட்டையும் மாவும் வெந்து இறுகினால்தான் அந்த உயரம் நிலைக்கும். இறுகுவதற்கு முன் வெளியே எடுத்தால், ஆறும்போது குமிழிகள் சுருங்கி நடுப்பகுதி அப்படியே கீழே இறங்கிவிடும். ஓரம் முதலில் வெந்துவிடுவதால் நடு மட்டும்தான் உட்காரும்.

இன்னொரு மாதிரியும் உண்டு. பசையே இல்லாமல், உள்ளே முழுவதும் பெரிய பெரிய ஓட்டைகளோடு கரடுமுரடாக இருந்து, வாயில் வைத்தால் சோப்பு மாதிரி ஒரு ருசி வந்தால், பேக்கிங் பவுடரோ சோடாவோ அதிகமாகிவிட்டது. கேக் வேகமாக எழும்பி, தாங்க முடியாமல் விழுந்திருக்கும். படத்தில் ருசி தெரியாது என்பதால் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் வெந்த ஓரத்திலிருந்து மட்டும். வேகாத மாவும் முட்டையும் வயிற்றைக் கெடுக்கும், ஆகவே பசை மாதிரி இருக்கும் பகுதி யார் வாய்க்கும் போக வேண்டாம்.

உங்கள் தோழி விஷயத்தில், அவள் சொன்ன அளவுகளைப் பார்த்தாலே முதல் மாதிரி என்றுதான் தோன்றுகிறது. 8 அங்குல வட்ட டின்னும் 6 அங்குல டின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் கொள்ளளவில் அப்படி இல்லை. எட்டெட்டு 64, ஆறாறு 36. அடிப்பரப்பு கிட்டத்தட்டப் பாதி. எட்டுக்கான மாவு முழுவதையும் ஆறில் ஊற்றினால் அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆழமாக நிற்கும். அவ்வளவு ஆழத்துக்குச் சூடு நடுவுக்குப் போய்ச் சேர 35 நிமிடம் எப்படிப் போதும்? மேல்பக்கம் சிவந்துவிட்டதே என்று அவள் எடுத்திருப்பாள், முதல் தடவை செய்கிற யாரும் அப்படித்தான் எடுப்பார்கள். டின்னின் வெளிப்பக்கத்தில் வழிந்து காய்ந்த மாவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். டின்னில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் மாவு நிற்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இந்த வீடியோக்காரர்கள் மேல்தான். மாவைச் சலிப்பதை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள், பின்னணியில் இசை ஓடுகிறது. டின் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் எங்கேயாவது ஓரத்தில் ஒரு நொடி காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், பலர் அதையும் காட்டுவதில்லை. மாவு "ஒரு கப்" என்பார்கள், எந்தக் கப், அழுத்தி நிரப்பியதா, தளர்வாக எடுத்ததா, கிராமில் எவ்வளவு? சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் எழுத இரண்டு வரி போதும். எழுதாமல் விட்டுவிட்டு, கீழே கேட்பவர்களிடம் "எனக்கு நல்லாத்தான் வந்துச்சு" என்று பதில் போடுகிறார்கள். ஓவன் செய்கிறவர்களும் குறைந்தவர்கள் இல்லை. வீட்டு ஓவன் பலவற்றில் குமிழைத் திருப்பி 180 வைத்தால் உள்ளே அதைவிடப் பத்து இருபது டிகிரி கூடவோ குறையவோ இருக்கும். உள்ளே வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் உண்மை தெரிந்துவிடும். அதைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தால் என்ன?

இதற்கு நடுவே இன்னொரு கூட்டம் வரும். அவள் இந்தப் படத்தைப் பொதுவில் போட்டிருந்தால், "கேக் ஜெல் வாங்குங்க, குழியே விழாது", "எங்க வகுப்புல சேருங்க, கேரண்டி" என்று தனிச்செய்தி வந்துகொண்டே இருக்கும். மனம் உடைந்திருப்பவர்களைப் பார்த்து விற்கிற வியாபாரம் அது. ஜெல் குமிழிகளைப் பிடித்து வைக்க உதவும், வேகாத நடுவை வேக வைக்காது. டின் அளவு தெரியாமல் நடந்த தவறுக்கு எந்த வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. "பேக்கிங் பவுடருக்குப் பதிலா அதே அளவு சோடா போட்டா போதும், நல்லா உப்பும்" என்று சொல்கிற ஒருவரும் கண்டிப்பாக வருவார். சோடாவின் வீரியம் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதோடு அது வேலை செய்ய மாவில் புளிப்பான ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அவர் பேச்சைக் கேட்டால் அடுத்த கேக் சோப்பு ருசியோடு உட்காரும்.

காரணம் பிடிபட்டதும் இரண்டாவது செய்தி. "உன் மேல தப்பே இல்ல, ரெண்டு ஆள் மாவை ஒரு ஆள் டின்ல உட்கார வச்சிருக்கே. அடுத்த தடவை எல்லாத்தையும் பாதியாப் போடு, அதே டின், அதே சூடு. வேற எதையும் மாத்தாதே." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பயந்தவர்கள் அடுத்த தடவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள், மாவு வேறு, செய்முறை வேறு, சூடு வேறு. அப்புறம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. பாதி அளவு 6 அங்குல டின்னுக்குச் சரியாக இருக்கும், நாலு முட்டை என்றால் இரண்டு, கணக்கும் எளிது. 25 நிமிடம் வரை கதவைத் திறக்கக் கூடாது, வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அதன் பிறகு நட்டநடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுக்க வேண்டும். ஓரத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, ஓரம் எப்போதோ வெந்திருக்கும். குச்சியில் ஈரமாவு வந்தால் இன்னும் ஐந்து நிமிடம், ஓரிரண்டு உலர்ந்த துகள் மட்டும் வந்தால் எடுத்துவிடலாம். மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கிறது என்றால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டு வைத்தால் போதும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் மேலே சொன்ன கேலி வேண்டாம். அந்தக் கேக் வேறொருவருக்காகச் செய்ததா என்று முதலில் யோசியுங்கள். இன்று மாலை யாருக்காவது பிறந்தநாள், இன்னும் சில மணி நேரத்தில் ஆட்கள் வரப்போகிறார்கள், அப்போதுதான் படம் வந்தது என்றால், அது புலம்பல் இல்லை, உதவி கேட்கிறாள். அந்த நேரத்தில் "களைச்சுப் போச்சு" என்றால் அவளுக்கு அழுகைதான் வரும். முதல் வரியே வழி சொல்வதாக இருக்கட்டும். கேக்கை வெளியே எடுத்து ஓரிரு நிமிடம்தான் ஆகிறது, இன்னும் நல்ல சூடாக இருக்கிறது என்றால், மேலே அலுமினியத் தாள் மூடித் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லுங்கள். குழி நிமிராது, ஆனால் உள்ளே வெந்துவிடும். ஆறிப்போயிருந்தால் திரும்ப வைத்துப் பயனில்லை. அப்போது ஒரு டம்ளரையோ கிண்ணத்தையோ நடுவில் கவிழ்த்து அழுத்தி, வேகாத பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டிய உள்விளிம்பில் இன்னும் பசை தெரிந்தால் கொஞ்சம் பெரிய கிண்ணம். மிஞ்சுவது வளையம் மாதிரி ஒரு கேக். நடுவில் நறுக்கிய பழத்தை நிரப்பி, மேலே கிரீம் தடவிவிட்டால் வருகிறவர்கள் அப்படித்தான் செய்தாள் என்று நினைப்பார்கள், அவளும் மறுத்துப் பேச வேண்டாம். விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு, "நடுவுல இருந்ததை யாரு தின்னா?" என்று கேளுங்கள். அப்போது சிரிப்பாள்.

முட்டை இல்லாத கேக், குக்கரில் வைத்தது என்று கேட்டு எழுதாதீர்கள், அடிப்படை இதேதான்.

பாதி அளவில் செய்தும் நடுவில் லேசாக இறங்கினால், பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். அரை டீஸ்பூனைச் சூடான தண்ணீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும், சோம்பலாக இரண்டு குமிழி வந்தால் வேறு வாங்கச் சொல்லுங்கள். நன்றாகப் பொங்கினால் ஓவன் சூடு குறைவாக இருக்கலாம். தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, கேக் இல்லாமல் 20 நிமிடம் ஓட்டிவிட்டு, அது காட்டும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.