ஒருவரே பல வருடம் குடியிருந்தால் பூர்வீக வீடு அவருக்கா?

"அண்ணன் 30 வருடமாக அப்பா வீட்டில் இருக்கிறார், நாங்கள் வெளியூரில். எங்கள் பங்கு போய்விட்டதா?"

குடியிருந்ததால் மட்டும் போகாது. உங்கள் பங்கு அண்ணனுக்குப் போக எதிரிடை அனுபோகம் இருக்க வேண்டும்; அது உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, சட்டம் சொல்லும் காலம் முழுக்க (இந்தியாவில் 12 ஆண்டு, இலங்கையில் 10) சொத்தை வைத்திருப்பது. வாரிசுகளோ கூட்டு உரிமையாளர்கள். ஒருவர் இருப்பது எல்லோருக்காகவும் என்றே சட்டம் கொள்ளும். கூட்டாக வாங்கிய வண்டியை ஒருவரே ஓட்டினாலும் மற்றவர் பங்கு கரைவதில்லையே.

"உனக்கு இங்கே பங்கில்லை" என்று உங்களுக்குத் தெரியும்படி மறுத்த நாளில்தான் கணக்கு தொடங்கும். தங்கை பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பி, அண்ணன் மறுத்துப் பதில் எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அதற்கு அப்புறமும் சும்மா இருப்பதுதான் ஆபத்து. மறுத்ததை நிரூபிக்க வேண்டியவர் அண்ணன்.

வீட்டு வரி, மின் கட்டண ரசீதுகள் அவர் பெயரில் இருந்தாலே வீடு அவருக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவை மட்டும் உங்கள் பங்கை அழிக்காது.